வழக்கு நிலுவையில் இருந்தால் நோட்ஸில் எழுதினால் போதுமா?

தம்பி, ஆர்ட்டிகிள்ஷிப் நேர்காணலில் "கம்பெனி மேல் ஒரு வழக்கு இருக்கிறது, கணக்கில் எப்படிக் காட்டுவீர்கள்?" என்று கேட்டால், "கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி, நோட்ஸில் போடுவோம்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அது பாதி பதில்தான். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பழுதான பம்புகளால் நஷ்டம் என்று ஒரு வாடிக்கையாளர் 40 லட்சம் கேட்டு வழக்குப் போடுகிறார். 2024 மார்ச் 31 அன்று, பழுதுக்குக் கம்பெனி பொறுப்பா என்பதே தெளிவாகவில்லை. ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்கிறார் வக்கீல். அப்போது இது கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி. பேலன்ஸ் ஷீட்டில் தொகை ஏறாது, லாபமும் குறையாது. வழக்கின் தன்மையையும் தொகையையும் நோட்ஸில் சொன்னால் போதும். பணம் போகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றால் அதுகூடத் தேவையில்லை.

அடுத்த வருடம் ஆய்வக அறிக்கை வருகிறது, குறை உற்பத்தியில்தான். 2025 மார்ச் 31 அன்று, தோற்கத்தான் வாய்ப்பு அதிகம், 25 லட்சம் போகலாம் என்கிறார் அதே வக்கீல். இப்போது நடந்துபோன ஒன்றால் வந்த கடமை இருக்கிறது, பணம் போக வாய்ப்பு பாதிக்கு மேல், தொகையையும் நம்பகமாகக் கணிக்க முடிகிறது. ஏஎஸ் 29, இன்ட் ஏஎஸ் 37 இரண்டும் கேட்பது இந்த மூன்றைத்தான். ஆகவே 25 லட்சத்தைச் செலவாகப் பற்று வைத்து, புரொவிஷனை வரவு வைக்க வேண்டும். அது பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கம் ஏறும்.

சரி, கணக்கை போர்டு ஜூனில் ஒப்புக்கொள்ளும் முன்பே, மே மாதம் 28 லட்சம் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தால்? மார்ச் 31 அன்றே இருந்த கடமையைத்தான் தீர்ப்பு உறுதி செய்கிறது. அதனால் அதே வருடக் கணக்கில் புரொவிஷனை 28 ஆக்க வேண்டும். அப்புறம் பணம் கட்டும்போது மறுபடி செலவு எழுதாதீர்கள். புரொவிஷனைப் பற்று வைத்துத் தீர்க்க வேண்டும். நிறைய பேர் சறுக்கும் இடம் இது.

இன்னொரு குழப்பம், ஐயக்கடன் ஒதுக்கு. அதற்கும் புரொவிஷன் என்ற பெயர் இருந்தாலும் அது பொறுப்பு அல்ல. வரவேண்டிய கடனின் மதிப்பைக் குறைக்கும் சரிக்கட்டல், அவ்வளவுதான். இந்த விதிகளை அதன்மேல் போடாதீர்கள்.

நேர்காணலுக்கு முன் ஏதாவது ஒரு பட்டியலிட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, கடனாக ஒப்புக்கொள்ளாத கோரிக்கைகள் பற்றிய நோட்டைப் பாருங்கள். வருமானவரித் தகராறுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். போன வருடத் தொகையோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் அது புரொவிஷனாக மாறியதா, வழக்கே முடிந்துவிட்டதா என்று தேடிப் பாருங்கள்.