அடுப்பைத் தொடாமல் பாதிப் புரதம்

"அண்ணா, ஜெர்மனியில் கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் சேர்ந்து ரெண்டு வாரம் ஆகிறது. எடை 64 கிலோ. ஊரில் ஜிம்மில் நாளைக்கு 90 கிராம் புரதமும் 400 கிராம் காய்கறியும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. இங்கே நாலு பேருக்கு ஒரே கிச்சன், ஃபிரிட்ஜில் எனக்கு ஒரே ஒரு தட்டு. கடையில் பாதிப் பொருள் என்னவென்றே தெரியவில்லை. எப்படிச் சமாளித்தீர்கள்?"

தம்பி, கடைப் பொருள் பழகுவதற்கு ஒரு மாதம் கூட ஆகாது. நிஜமான தட்டுப்பாடு அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான். ராத்திரி ஏழு மணிக்கு நாலு பேரும் ஒரே நேரத்தில் கிச்சனில் நிற்பீர்கள். பசியோடு காத்திருந்து பார்த்துவிட்டு, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாய். புரதக் கணக்கு உடைவது அந்த இடத்தில்தான். அதனால் பாதிப் புரதமும் பாதிக் காய்கறியும் அடுப்பே இல்லாமல் வயிற்றுக்குப் போகிற மாதிரி அமைத்துக்கொள். மீதிக்கு வாரத்தில் இரண்டு தடவை சமைத்தால் போதும்.

முதலில் உன் கணக்கு. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் பெரியவர்களுக்குச் சொல்வது கிலோவுக்கு 0.8 கிராம். உன் எடைக்கு அது 51 கிராம்தான் வருகிறது. எடை தூக்குகிறவனுக்கு 90 சரியான இலக்கு, ஆனால் ஒரு நாள் 70-இல் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது. அதற்காகப் பவுடர் டப்பா வாங்க ஓட வேண்டாம்.

அடுப்பில்லாத புரதத்துக்கு இங்கே ராஜா மாகர்க்வார்க், கொழுப்பு நீக்கிய பாலில் செய்த, கெட்டித் தயிர் மாதிரியான பொருள். பால் அலமாரியில் 250 அல்லது 500 கிராம் டப்பாவில் இருக்கும். 100 கிராமில் ஏறக்குறைய 12 கிராம் புரதம், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. சின்ன டப்பா ஒன்று காலி செய்தால் 30 கிராம், அதாவது உன் இலக்கில் மூன்றில் ஒரு பங்கு. பெயரில் 'மாகர்' இருக்கிறதா என்று பார்த்து எடு. பக்கத்திலேயே 20 சதவீதம், 40 சதவீதம் என்று போட்ட க்வார்க் இருக்கும். அதில் கொழுப்பு ஏறி, புரதம் இறங்கியிருக்கும். மூலிகை கலந்த க்வார்க்கும் அப்படித்தான். 'ஹை புரோட்டீன்' என்று கறுப்பு டப்பாவில் வரும் புட்டிங்கில் 200 கிராமுக்கு 20 கிராம் புரதம். க்வார்க்கை விடக் குறைவு, விலை மட்டும் அதிகம். எதிலும் முன்பக்கத்தை நம்பாதே. பின்பக்க அட்டவணையில் 'ஐவைஸ்' என்ற வரிதான் புரதம், எல்லாம் 100 கிராமுக்கு.

க்வார்க்கை அப்படியே கரண்டியால் வாயில் போட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும், உனக்குப் பிடிக்காது. ஒரு கிண்ணத்தில் போட்டு, இங்கே எல்லா வீட்டிலும் கிடக்கும் சோடாத் தண்ணீரில் மூன்று நான்கு ஸ்பூன் விட்டு முள்கரண்டியால் அடித்துப் பார்; தளர்ந்து நுரைத்து வரும். காலையில் அதில் 50 கிராம் ஓட்ஸும், ஃப்ரீசர் பெர்ரிப் பழம் ஒரு கைப்பிடியும். அறையிலேயே சாப்பிடலாம். ஓட்ஸ் ஒரு 6 கிராம் சேர்க்கும். ஆக எட்டு மணி வகுப்புக்குக் கிளம்பும் முன் 36 கிராம் முடிந்தது.

இனிப்பு வேண்டாம் என்கிற நாளில் பச்சடியாகப் பண்ணு. காய்கறிப் பகுதியில் வேகவைத்துத் தோலுரித்த பீட்ரூட் வாக்யூம் கவரில் 500 கிராம் கிடைக்கும், பெயர் 'ரோட்டே பீட்டே'. ஒரு கிழங்கைப் பொடியாக நறுக்கி, உப்பு போட்டு, அடித்த க்வார்க்கில் கலந்து, கொஞ்சம் யோகர்ட் சேர்த்தால் புளிப்பும் வந்துவிடும். தாளிக்க முடிந்தால் தாளி, முடியாவிட்டால் வறுத்த சீரகப் பொடி போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: க்வார்க்கைக் கொதிக்கிற குழம்பில் போடாதே, திரிந்து போகும். இறக்கி வைத்து, சூடு தணிந்த பிறகுதான்.

அடுத்து முட்டை. ஒன்றில் 6, 7 கிராம் புரதம். அடுப்பு காலியாக இருக்கும் காலை நேரத்தில் ஆறு முட்டையைச் சேர்த்து அவித்து, ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் நான்கு நாள் கவலை இல்லை. பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் பூசிய முட்டைகளைக் கடையில் பார்த்திருப்பாய். ஈஸ்டர் முடிந்தும் ஏன் விற்கிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவை ஏற்கெனவே அவித்தவை, வருடம் முழுக்க இருக்கும். தேர்வு நேரத்தில் கை கொடுக்கும்.

பருப்புக்கு இந்தியக் கடை வரை போகாதே. எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் 'ரோட்டே லின்சன்' என்று 500 கிராம் பாக்கெட் இருக்கிறது; அது நம் மைசூர் பருப்பு. குக்கர் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம், திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். துவரம்பருப்பை இங்கே குக்கர் இல்லாமல் வேகவைக்க ஆரம்பித்தால் அடுப்புக்காக வரிசையில் நிற்பவர்கள் உன்னை முறைப்பார்கள். ஊரிலிருந்து அலுமினிய குக்கர் கொண்டு வந்திருந்தால், உங்கள் அடுப்பு இண்டக்ஷனா சாதாரணக் கண்ணாடி அடுப்பா என்று பார்த்துக்கொள். காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்ஷனில் சூடாகாது.

பருப்பை இப்படிச் செய். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மற்றவர்கள் தூங்கும்போது, 320 கிராம் பருப்பைக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீர், மஞ்சள்தூளோடு அடுப்பில் வை. பொங்கும் நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறை. கண்ணாடி அடுப்பு மெதுவாகத்தான் ஆறும், அதனால் பொங்கினால் பாத்திரத்தையே நகர்த்து. குழைந்து வரும்போது ஃப்ரீசர் கீரை 400 கிராம் போடு. 'பிளாட்ஷ்பினாட்' என்றால் வெறும் கீரை. 'ராம்ஷ்பினாட்' என்றால் கிரீம் கலந்தது, அது வேண்டாம். கீரை சின்னச் சின்னக் கட்டிகளாக இருக்கும், உறைந்தபடியே போடலாம். உப்பு, தக்காளி, கடைசியில் தாளிப்பு. எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, கிச்சன் கதவைச் சாத்திவிட்டுத் தாளி. பெருங்காயத்தைப் பற்றி உன் அறைத் தோழர்கள் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஃபிரிட்ஜ் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்படும்.

இதை நாலு டப்பாவில் சமமாகப் பிரித்துவிடு. இதில் ஒரு காரணம் இருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் 24, 25 கிராம் புரதம் காய்ந்த பருப்புக்கு. வெந்த பருப்பை எடைபோட்டு அந்த எண்ணால் பெருக்கினால், இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டும். ஆப்பில் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 320-ஐ நாலாகப் பிரித்தால் ஒரு டப்பா என்பது 80 கிராம் காய்ந்த பருப்பு, 20 கிராம் புரதம். எடை மெஷினே தேவையில்லை. சுடச்சுட ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்தவன் பாலும் கெடும், வெளியிலேயே மறந்தால் உன் பருப்பு கெடும். தட்டையான டப்பாவில் ஊற்றித் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். மூன்று டப்பா ஃபிரிட்ஜுக்கு, நாலாவது ஃப்ரீசருக்கு.

இப்போது ஒரு நாளைக் கூட்டிப் பார். காலை க்வார்க்கும் ஓட்ஸும் 36. மதியம் மென்சாவில், அதாவது பல்கலைக்கழகக் கேன்டீனில், சைவத் தட்டு. என்ன போடுவார்கள் என்று சொல்ல முடியாது, 15 என்று வைத்துக்கொள். ராத்திரி ஒரு டப்பா பருப்பு 20, 80 கிராம் அரிசியில் வடித்த சோறு 6, இரண்டு முட்டை 13. மொத்தம் 90. அன்றைக்கு அடுப்பில் நீ வைத்தது சோறு மட்டும். பருப்பு இல்லாத நாளுக்கு ராய்ஹர்டோஃபு, அதாவது புகையூட்டிய டோஃபு. 200 கிராம் கட்டியில் 30 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. உதிர்த்து வெங்காயம், மிளகோடு ஐந்து நிமிடம் புரட்டினால் முட்டைப் பொடிமாஸ் மாதிரியே வரும். வெறும் டோஃபு வாங்கினால் ருசி ஏற்றுவது உன் வேலை.

காய்கறியில் உனக்குத் தெரியாதது என்று நினைப்பவற்றில் பாதி தெரிந்தவைதான். இலையோடு வெளிர்பச்சையாக உருண்டையாக இருக்கிறதே, கோல்ராபி, அது நூல்கோல். இங்கே அதைப் பச்சையாகவே கடிக்கிறார்கள். தோலைத் தடிமனாகச் சீவி, அடிப்பக்கம் நார் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடு. ஒன்று சுமார் 150 கிராம் தேறும். அதோடு பச்சடிக்குப் போன பீட்ரூட் 100, பருப்பில் கீரை 100. இது வரைக்கும் 350. மீதிக்கு ஒரு கேரட்டோ, மென்சா சாலட்டோ. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதே. இந்த ஊரில் சேர்த்தால் எல்லோரும் தினம் 400-ஐத் தாண்டிவிடுவார்கள்.

பொரியலுக்கு வெள்ளைக்கோஸ் வாங்கினால் இரண்டு கிலோ உருண்டை உன் ஃபிரிட்ஜ் தட்டு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கூம்பு வடிவ ஷ்பிட்ஸ்கோல் வாங்கு, சின்னது, இலை மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும். ஃப்ரீசர் பீன்ஸ், ப்ரோக்கோலியில் பொரியல் செய்கிறாய் என்றால் முதலில் உருக வைக்காதே. அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, உறைந்ததையே ஒரே அடுக்காகப் பரப்பி, மூடாமல் வதக்கு. குவித்துப் போட்டு மூடினால் தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று ஆகி, மறுநாள் நீயே தொட மாட்டாய். ஃப்ரீசரில் ஒரே நேரத்தில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்கி அடைக்காதே, அங்கேயும் நாலு பேர்.

தினமும் எழுதி வைக்க உனக்கு நேரமிருக்காது. சனிக்கிழமை காலி டப்பாக்களை எண்ணு. சின்ன க்வார்க் டப்பா ஏழு, 500 கிராம் பருப்புப் பாக்கெட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, டோஃபு இரண்டு, பத்து முட்டைக்கு மேல், பீட்ரூட் கவர் ஒன்று, கீரை ஒரு பாக்கெட், நூல்கோல் ஐந்தாறு, கோஸ் ஒன்று. க்வார்க் நாலுதான் காலியாகியிருந்தால் காலைச் சாப்பாடு விட்டுப்போகிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜில் கோஸ் முழுசாக உட்கார்ந்திருந்தால் அடுத்த வாரம் அதை வாங்காதே, அந்த இடத்துக்குப் பச்சையாகச் சாப்பிடுகிற எதையாவது வாங்கு. திடீரென்று பருப்பையும் காயையும் கூட்டியதில் வயிறு உப்பினால் பருப்பை முதல் வாரம் பாதியாக்கி, தண்ணீரைக் கூட்டு.

ஞாயிறு கடை கிடையாது, ரயில் நிலையத்தில் ஏதாவது திறந்திருந்தால் உண்டு. அதனால் கட்டிலுக்கடியில் கொண்டைக்கடலை டின் இரண்டு எப்போதும் இருக்கட்டும், 'கிச்சர்எர்ப்சன்' என்று எழுதியிருக்கும். வடிகட்டிக் கழுவி, எலுமிச்சை, வெங்காயம், மிளகாய் போட்டால் சுண்டல். ஒரு டின்னில் ஏறக்குறைய 17 கிராம் புரதம். ஹார்சர் என்ற சீஸில் 100 கிராமுக்கு 27 கிராமுக்கு மேல் புரதம் என்று ஜிம் நண்பர்கள் யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதன் வாசனைக்கு முன்னால் நம் பெருங்காயம் ஒன்றுமே இல்லை, பொது ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் இரண்டு டப்பா மூடி போட்டு வை.