கவுண்டர் ஆஃபரை மறுத்தாலும் மேனேஜருடனான உறவு கெடாமல் இருக்க

கேள்வி: ஐந்து வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். வேறு இடத்தில் வேலை உறுதியாகி, போன வாரம் ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் ஒரு மாதம். என் மேனேஜர் மேலிடத்தில் பேசி ஒரு கவுண்டர் ஆஃபர் வாங்கி வந்திருக்கிறார். என் இப்போதைய வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், புது வேலையில் 125 (நிரந்தரச் சம்பளம் 112, வேரியபிள் 13). இவர்கள் தருவது 120 (சம்பளம் 110, ஒருமுறை மட்டும் தரும் தொகை 10, ஒரு வருடத்துக்குள் போனால் அதைத் திருப்பித் தர வேண்டும்). போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான். மனக்கசப்பு இல்லாமல் எப்படி மறுப்பது? இரண்டு மாதத்தில் வர வேண்டிய போனஸ் 8 வேறு இருக்கிறது.

பதில்: முதலில் வேகம். நாளைக்குள் பதில் சொல்லிவிடுங்கள். வருடாந்திர இன்கிரிமென்ட் நேரம் அல்லாத ஒரு சமயத்தில் சம்பள உயர்வுக்கு ஒப்புதல் வாங்க, உங்கள் மேனேஜர் தன் மேலதிகாரியிடமும் ஹெச்.ஆரிடமும் போய், நீங்கள் ஏன் முக்கியம் என்று வாதாடியிருப்பார். தன் பெயரைப் பணயம் வைத்துத்தான் அந்தத் தொகையை வாங்கியிருப்பார். நீங்கள் போவது அவருக்கு வருத்தம் தரும். ஆனால் அதிகமாக வலிப்பது, ஒரு வாரம் யோசிப்பதாகக் காத்திருக்க வைத்துவிட்டு அப்புறம் மறுப்பதுதான். அந்த ஒரு வாரமும் மேலே உள்ளவர்கள் அவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சீக்கிரம் சொன்னால் அவர் மாற்று ஆளைத் தேடத் தொடங்கலாம். ஒதுக்கிய பணத்தை அந்த ஆளுக்காகக் கேட்கவும் அவருக்கு வழி இருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மறுப்பதற்கு நல்ல நேரம் ஆஃபர் வருவதற்கு முன்னால்தான். ராஜினாமா சொன்னதும் மேனேஜர், "ரெண்டு நாள் கொடுங்க, மேல பேசிட்டு வரேன்" என்பார். முடிவு உறுதியாக இருந்தால் அங்கேயே, "எனக்காகப் போய்ப் பேசாதீங்க, நான் முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது, பரவாயில்லை.

பேசுவதற்கு முன் உங்கள் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் மேலும் எண்களைச் சொன்னால் நீங்கள் தடுமாறக் கூடாது. 120-ஐயும் 125-ஐயும் நேராக ஒப்பிடாதீர்கள். அந்த 10 ஒரே ஒரு முறை வருவது, அதோடு ஒரு வருடம் உங்களைக் கட்டிப்போடுவது. அதை எடுத்துவிட்டால் உங்கள் சம்பளம் 110. நீங்கள் ராஜினாமாவே கொடுக்காமல் இருந்திருந்தாலும் வழக்கமான இன்கிரிமென்ட் ஒன்று வந்திருக்கும். அது 6 என்று வைத்தால், 106 எப்படியும் வந்திருக்கும். அப்படியென்றால் இந்த ஆஃபர் நிரந்தரமாகக் கூட்டியது 4 மட்டும். அடுத்த இன்கிரிமென்ட் சமயத்தில், "போன தடவைதான் ஏற்றினோமே" என்று கையைச் சுருக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. புது வேலையில் வேரியபிள் ஒரு ரூபாய்கூட வராத மோசமான வருடத்திலும் 112 உறுதி. முதல் வருடம் மட்டும் பார்த்தால் 120 பெரிதாகத் தோன்றலாம். இரண்டாம் வருடத்தில் 110-க்கும் 112-க்கும்தான் போட்டி, அதன் மேல் வேரியபிள். உங்கள் முடிவு சரிதான்.

ஆனால் இந்தக் கணக்கை மேனேஜரிடம் சொல்லாதீர்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்து, "நிரந்தரச் சம்பளம் குறைவா இருக்கு" என்று காரணம் சொல்வார்கள். மேனேஜர் அதை ஒரு கோரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வார். மறுபடி மேலே போவார், 115 வாங்கி வருவார். இப்போது மறுத்தால் அவரை இரண்டு முறை அலைக்கழித்த கதையாகிவிடும். நீங்கள் சொல்லும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும், அதே சமயம் இந்த நிறுவனம் எதைக் கொடுத்தாலும் மாறாததாகவும் இருக்க வேண்டும். புது வேலையின் துறை, அங்கே ஏற்கப்போகும் பொறுப்பு, ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு இவற்றில் உங்களுக்கு எது நிஜமோ அதைச் சொல்லுங்கள். ஒரு காரணம் போதும். மூன்று காரணம் சொன்னால் அவர் மூன்றுக்கும் தீர்வு தேடுவார். இங்கே நடந்த குறைகளைப் பட்டியலிடவும் இது நேரமல்ல.

இப்படிப் பேசலாம்: "எனக்காக நீங்க மேல போய்ப் பேசி இதை வாங்கியிருக்கீங்க. அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும், மறக்க மாட்டேன். ஆனா நான் இதை ஏத்துக்கப் போறதில்லை. அங்க எனக்கு ஒரு முழு டீமோட பொறுப்பு கிடைக்குது, அதுக்குச் சம்மதம் சொல்லிட்டேன். இது பணத்தை வெச்சு மாறுற முடிவு இல்ல. அதனால இனி மேல பேசி உங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்னு கேட்டுக்கறேன். மிச்சம் இருக்கற நாள்ல எதை முதல்ல ஒப்படைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

டீம் பொறுப்பு என்பது நான் வைத்த உதாரணம், உங்கள் காரணத்தை அங்கே போடுங்கள். மற்ற வரிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நன்றி, தெளிவான மறுப்பு, ஒரே காரணம், கதவை மூடும் வரி, உடனே வேலையைப் பற்றிய பேச்சு. "இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன்", "வருத்தமாத்தான் இருக்கு, ஆனா..." போன்ற இழுவை வரிகள் இடையில் வந்தால் மறுப்பு கரைந்துவிடும். பேசி முடித்த இரண்டு நாளில் அவர் புதிய எண்ணோடு திரும்பி வந்தால், உங்கள் பேச்சில் எங்கோ ஒரு கதவு திறந்திருந்தது என்று புரிந்துகொள்ளலாம். அப்போது காரணத்தைத் திரும்ப விளக்க வேண்டாம். முடிவை மட்டும் அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள்.

இதை நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள், மெயிலில் ஆரம்பிக்க வேண்டாம். பேசிய அன்றே இரண்டு வரி மெயில் போதும்: ஆஃபருக்கு நன்றி, ஏற்க இயலவில்லை, கடைசி வேலை நாள் இன்ன தேதி. எண்கள் எதுவும் அதில் வேண்டாம். அந்த மெயில் ஹெச்.ஆரிடம் போகும், மேனேஜர் தன் மேலதிகாரியிடம் காட்டவும் அது உதவும். கவுண்டர் ஆஃபர் எவ்வளவு என்பதை உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லவே சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன மறுநாள் இன்னொருவர் அவரிடம் போய் அதே தொகையைக் கேட்பார். மேனேஜர் உங்கள்மேல் நியாயமாகக் கோபப்படும் இடம் அது. அதே போல, இந்த ஆஃபரைக் காட்டிப் புது நிறுவனத்தில் கூட்டிக் கேட்கவும் வேண்டாம். அங்கே கையெழுத்திட்டுவிட்டீர்கள், சேரும் முன்பே பேரம் பேசுபவர் என்ற பெயர் வரும்.

இப்போது போனஸுக்கு வருவோம். மேனேஜரோடு நல்ல உறவு இருந்தால் கிடைக்கும் பலனை இங்கே எண்ணாகவே பார்க்கலாம். நோட்டீஸ் ஒரு மாதம், போனஸ் இரண்டு மாதத்தில். ராஜினாமா கொடுத்தே ஒரு வாரம் ஆகிவிட்டதால், வழக்கப்படி போனால் போனஸ் தேதிக்கு ஒரு மாதத்துக்கும் சற்று முன்பாகவே வெளியே இருப்பீர்கள். உடனே போனஸ் கொள்கையை எடுத்து ஒரு வரியைத் தேடுங்கள். போனஸ் தரும் நாளில் பணியில் இருந்தால் போதுமா, இல்லை நோட்டீஸில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்று எழுதியிருக்கிறதா?

இரண்டாவது வகை என்றால் நாளை நீட்டிப் பயனில்லை, அந்த 8-ஐ மறந்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் வகை என்றால் கடைசி நாளை ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளலாமா என்று பாருங்கள். இங்கே ஒரு மாதம் இருந்தால் சுமார் 8.3 வரும். அங்கே நிரந்தரச் சம்பளத்தில் மட்டும் சுமார் 9.3, வேரியபிள் முழுதாக வந்தால் 10.4. ஆக ஒரு மாதத் தாமதத்தில் நீங்கள் இழப்பது 1 முதல் 2 வரை, நாட்கள் கூடுவதால் இன்னும் கொஞ்சம். கையில் வருவது 8. கேட்டுப் பார்க்கத் தகுந்த கணக்குதான்.

ஆனால் இதற்கு மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்: புது நிறுவனம், ஹெச்.ஆர்., மேனேஜர். புது நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். அவர்கள் முடியாது என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது, மேனேஜரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. சேரும் தேதி மாறினால் அதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் மேனேஜரிடம் போங்கள். கவுண்டர் ஆஃபரை மறுக்கும் அதே பேச்சில் மட்டும் இதைக் கேட்காதீர்கள். ஓரிரண்டு நாள் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மறுப்பே அடுத்த பேரத்துக்கு முன்னுரை போலத் தெரியும்.

கேட்கும்போது மறைக்கவும் வேண்டாம். "கூடுதலா ஒரு மாசம் இருந்தா வேலையை முழுசா ஒப்படைச்சிடலாம், எனக்கும் போனஸ் தேதி வந்துடும். உங்களுக்கு இது சரிப்படுமா?" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். போனஸ் தேதி அவருக்கும் தெரியும். வேலை ஒப்படைப்புக்காக மட்டும் என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார், அதுவரை சொன்னதன் மேலும் சந்தேகம் வரும். அவர் மறுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்; மாற்று ஆளுக்கான இடத்தைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லி அவருக்கு மேலிருந்து நெருக்கடி இருக்கலாம்.

நாள் நீண்டால் அந்த மாதத்தை நிஜமாகவே ஒப்படைப்புக்குப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களில் தொடங்குங்கள்: எந்த வாடிக்கையாளர் எப்படிப் பேசினால் கேட்பார், மாதக் கடைசியில் எந்த அறிக்கை எங்கே சிக்கும், எந்த அனுமதி யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. எழுதி முடித்ததும் அதை வைத்து உடன் இருப்பவர் ஒருவர் உங்கள் வேலையை ஒரு முறை தனியாகச் செய்து பார்க்கட்டும். அவர் எங்கே நின்று உங்களைக் கேட்கிறாரோ அங்கேதான் குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

கடைசி வாரத்தில் செட்டில்மென்ட் விவரத்தை எழுத்தில் கேளுங்கள்: மீதி விடுப்புக்குப் பணம் உண்டா, செலவுக் கணக்குகள் எல்லாம் தீர்ந்தனவா, போனஸ் தனியாக வருமா சேர்ந்தா, எந்தத் தேதிக்குள். ஹெச்.ஆர். தரும் அந்தத் தாளில் போனஸ் என்ற வரி இல்லையென்றால், கடைசி நாளுக்கு முன்பே மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் ஒரு மெயில் போட்டால் சரியாகிவிடக்கூடிய விஷயம் அது. வெளியே போன பிறகு அதே வரிக்காக நீங்கள் பல நாள் துரத்த வேண்டியிருக்கும்.