பணம் எடுத்து எழுபது நாள் கழித்து மைனஸில் போன பேபால் கணக்கு

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே லோகோ வேலை செய்கிறேன். அமெரிக்க கிளையன்ட் 600 டாலர் பேபாலில் போட்டார், ஃபைலைக் கொடுத்துவிட்டேன், பணமும் பேங்குக்கு வந்துவிட்டது. எழுபது நாள் கழித்து கணக்கில் மைனஸ் 600 காட்டுகிறது. இது எப்படி சார்?

பதில்: கிளையன்ட் பேபாலில் கிரெடிட் கார்டைத்தான் தேய்த்திருக்கிறார். கார்டு வைத்திருப்பவர் தன் பேங்கில் புகார் கொடுத்தால் பேங்க் பணத்தைத் திரும்ப இழுக்கும்; அதுதான் சார்ஜ்பேக். பேபாலுக்குள்ளேயே புகார் தர 180 நாள் அவகாசம் உண்டு. கார்டு பேங்கில் பொதுவாக 120 நாள் வரை. பணம் உங்கள் பேங்குக்கு வந்துவிட்டதால் விவகாரம் முடிந்ததாகாது. மைனஸை அப்படியே விட்டால் அடுத்த கிளையன்ட் போடும் பணத்தில் கழித்துக்கொள்வார்கள்.

முதலில் Resolution Center போய், புகாரின் காரணம் என்னவென்று பாருங்கள். பதில் அதைப் பொறுத்தது. ‘நான் செய்யாத பரிவர்த்தனை’, ‘பொருள் வரவில்லை’ என்றால், ஃபைல் போய்ச் சேர்ந்ததைக் காட்ட வேண்டும்: பரிவர்த்தனையில் உள்ள அதே மின்னஞ்சலுக்கு அனுப்பிய தேதி, அவர் டவுன்லோடு செய்த பதிவு, “கிடைத்தது, நன்றி” என்ற பதில். ‘சொன்னபடி இல்லை’ என்றால் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு கை கொடுக்காது. அவர் ஒப்புதல் தந்த வரைவுகள்தான் உங்கள் ஆதாரம். கேஸில் போட்டிருக்கும் கடைசி தேதிக்குள், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பியிருந்தால், அந்த நம்பரையும் கார்டுக்காரரையும் இணைக்க ஒன்றுமில்லாததால் வாதம் பலவீனமாகும். முடிவு கார்டு பேங்கின் கையில். இரண்டு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம்.

கேஸ் நடக்கும்போது கிளையன்ட் “நீங்களே ரீஃபண்ட் போட்டுவிடுங்கள், கேஸை வாபஸ் வாங்குகிறேன்” என்றால் போடாதீர்கள். சார்ஜ்பேக் ஒருபக்கம் போய்க்கொண்டே இருக்கும், 600 இரண்டு முறை போய்விடும்.

அடுத்த வேலையை இப்படிச் செய்யுங்கள். 600-ஐ 200, 200, 200 என மூன்றாகப் பிரித்து, சில வார இடைவெளியில் வாங்குங்கள். திருடிய கார்டாக இருந்தால் அசல் ஆள் அந்த மாத ஸ்டேட்மென்டைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். அதற்குள் உங்கள் கையைவிட்டுப் போவது ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். வரைவுகளை வாட்டர்மார்க்கோடு கொடுங்கள், சோர்ஸ் ஃபைலைக் கடைசித் தவணை வந்த பிறகு. பேசும் ஆளின் பெயரும் பணம் போட்டவர் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். கூடுதலாகப் போட்டுவிட்டு, “மிச்சத்தை என் பார்ட்னருக்கு அனுப்புங்கள்” என்பவரிடம் வேலையே வேண்டாம். அது பழைய ஏமாற்று.

புதுக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்தால் 21 நாள் வரை பிடித்துவைப்பார்கள். அது சார்ஜ்பேக் இல்லை, பயப்பட வேண்டாம். ஆர்டர் நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றினால் பெரும்பாலும் முன்பே விடுவித்துவிடுவார்கள்.