போன் பண்ணியவருக்கு வாய்ஸ் நோட் போடலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்கு மெர்ச்சண்டைசர் வேலை என்று சென்னை கன்சல்டன்சியிலிருந்து ஒரு மேடம் போன் பண்ணிப் பேசினார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார். இன்று செவ்வாய், ஒரு தகவலும் இல்லை. திரும்பக் கூப்பிடத் தயக்கம். வாட்ஸ்அப்பில் சின்னதாக ஒரு வாய்ஸ் நோட் போட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பாரா? இல்லை மெசேஜே போதுமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: மெசேஜ் போடுங்கள். வாய்ஸ் நோட் வேண்டாம். இதில் மரியாதை எங்கே வந்தது? அவர் போனில் பேசினார் என்பதற்காக நீங்களும் போனில்தான் பேச வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. அந்த மேடத்துக்கு உங்கள் பதில் உபயோகப்படுமா, படாதா, அதுதான் விஷயம்.

அவர் பக்கம் நின்று பாருங்கள். அவர் எதிரில் ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். பெயர், நம்பர், இப்போதைய கம்பெனி, வாங்கும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியில் ஸ்டேட்டஸ் என்று ஒரு கட்டம். உங்களைப் போலவே அதே வேலைக்கு இன்னும் பல பேரிடம் பேசியிருப்பார், அதோடு வேறு கம்பெனிகளுக்கும் ஆள் தேடிக்கொண்டிருப்பார். உங்கள் நம்பரை அவர் சேவ் பண்ணியிருப்பார் என்று நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிவது ஒரு நம்பரும், பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் புரொஃபைல் பெயரும், முருகர் படமோ குழந்தை படமோதான். அதற்குக் கீழே ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் வாய்ஸ் நோட் வந்தால் என்ன ஆகும்? ஆபீஸில் பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், இயர்போன் தேட வேண்டும், போட்டுக் கேட்டால் 'வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா, போன வாரம் நாம பேசினோமே' என்று ஆரம்பித்து நடுவில் பழைய பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் 'ஆற்காடு, ஆற்காடு' என்று கத்துகிறார், பெயரும் வேலையும் கடைசியில்தான் வருகிறது. பாதியிலேயே நிறுத்திவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று வைப்பார், அந்த அப்புறம் வரவே வராது.

எழுதி அனுப்பினால் கதை வேறு. ஒரு பார்வையில் படித்துவிடலாம். நாளைக்கு 'மெர்ச்சண்டைசர்' என்று தேடினால் உங்கள் மெசேஜ் மேலே வரும். எல்லாவற்றையும் விட முக்கியம், அதை அப்படியே காப்பி பண்ணி ராணிப்பேட்டை கம்பெனி ஹெச்.ஆருக்கு அனுப்பலாம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். கன்சல்டன்சிக்காரர் முடிவெடுப்பவர் இல்லை, முடிவு கம்பெனியில் இருக்கிறது. நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான கன்சல்டன்சிகளுக்குக் காசு, அதனால் உங்களை ஒதுக்குவதில் அவருக்கு லாபமும் கிடையாது. வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் கம்பெனி அவருக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். 'என்ன ஆச்சு மேடம்?' என்று கேட்டால் அவரிடமும் பதில் இல்லை, சும்மா இருப்பார். அதற்குப் பதில் கம்பெனியைத் தட்டி எழுப்ப அவர் கையில் ஒரு வரி கொடுங்கள். நோட்டீஸ் பீரியடைக் குறைக்க உங்கள் இப்போதைய ஆபீஸ் ஒத்துக்கொண்டதா? நேரில் வர எந்த நாள் தோது? அப்படி ஏதாவது நிஜமாக இருந்தால் எழுதுங்கள். இல்லாத ஆஃபரை இருப்பதாக எழுத வேண்டாம், ஆஃபர் லெட்டரைக் காட்டுங்கள் என்று கேட்டால் முழிக்க வேண்டிவரும்.

உங்கள் விஷயத்துக்கு இப்படி எழுதலாம்:

'வணக்கம் மேடம். நான் (உங்கள் பெயர்), குடியாத்தம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனி மெர்ச்சண்டைசர் வேலைக்காக போன வாரம் புதன்கிழமை பேசினீர்கள், வெள்ளிக்குள் சொல்வதாகச் சொன்னீர்கள். என் நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்று சொல்லியிருந்தேன், இப்போது 30 நாளில் விடுவிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இன்டர்வியூவுக்கு ராணிப்பேட்டைக்கே வர முடியும். கம்பெனி பக்கம் ஏதாவது தகவல் வந்ததா?'

இவ்வளவுதான். பெயர், வேலை, பேசிய நாள் முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று, கடைசியில். கூடவே ரெஸ்யூமை பிடிஎஃப்பாக இணையுங்கள், ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் மெர்ச்சண்டைசர் என்பதும் இருக்கட்டும். 'புது ரெஸ்யூம் ஃபைனல் 2' என்று பெயர் வைத்து அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும், அதை டவுன்லோடு ஃபோல்டரில் யார் கண்டுபிடிப்பது? போனில் தமிழில் பேசியிருந்தால் தமிழில் எழுதலாம், ஆனால் இதை கம்பெனிக்கு அனுப்பப் போகிறார் என்பதால் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்கு வேலை மிச்சம். 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதில் போடும்வரை காத்திருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அனுப்பும் முன் நம்பரைப் பாருங்கள். 044-ல் தொடங்கினால் அது ஆபீஸ் லேண்ட்லைன், அதற்கு எஸ்எம்எஸ் போகாது, வாட்ஸ்அப்பும் பெரும்பாலும் இருக்காது, திருப்பிக் கூப்பிட்டால் ரிசப்ஷன் எடுக்கும். அப்போது அவர் அனுப்பிய மெயிலுக்கே பதிலாக இதே விஷயத்தை அனுப்புங்கள். மெயிலும் வரவில்லை என்றால் ரிசப்ஷனில் அவர் பெயரைச் சொல்லி மெயில் ஐடி கேட்பதில் தப்பில்லை. மொபைல் நம்பர் என்றால் வாட்ஸ்அப், அது இல்லையென்றால் சாதாரண எஸ்எம்எஸ். கன்சல்டன்சி ஆட்கள் வாட்ஸ்அப்பிலேயே குடியிருப்பவர்கள், அங்கே மெசேஜ் போடுவது சகஜம். பெரிய கம்பெனியின் சொந்த ஹெச்.ஆர் கூப்பிட்டிருந்தால் மட்டும் மெயிலை முன்னால் வையுங்கள், அவர்களுக்கு எல்லாம் பதிவில் இருக்க வேண்டும்.

நேரம்? வேலை நாளில் காலை பத்தரைக்கு மேல். ராத்திரி பத்து மணிக்கு டைப் பண்ணினால் அனுப்பாமல் வைத்திருந்து காலையில் அனுப்புங்கள். ப்ளூ டிக் வந்தும் பதில் இல்லை என்று மனசை வருத்திக்கொள்ள வேண்டாம், படித்துவிட்டு கம்பெனியைக் கேட்கப் போயிருக்கலாம். ப்ளூ டிக் வராததற்கும் அர்த்தம் இல்லை, நிறைய பேர் அதை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறார்கள். இரண்டு வேலை நாள் பொறுங்கள், பிறகு ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்தடுத்து அடிக்காமல் விட்டுவிட்டு வேறு வேலைகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பியுங்கள், இவர் கூப்பிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வாய்ஸ் நோட்டுக்கு இடமே இல்லையா என்றால் இரண்டு இடத்தில் உண்டு. அவரே முதலில் வாய்ஸ் நோட் அனுப்பினால் நீங்களும் அனுப்பலாம், ஆனால் அரை நிமிஷத்துக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெயரை முதலில் சொல்லி. இன்னொன்று கால் சென்டர் மாதிரி பேசும் வேலை, அங்கே குரலைக் கேட்கவே சாம்பிள் கேட்பார்கள். மெர்ச்சண்டைசருக்கு வெளிநாட்டு பையருடன் மெயிலில் ஒழுங்காக எழுதத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள், அதனால் உங்கள் மெசேஜில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.