270200: பிப்ரவரிக்கு ஏது பூஜ்யம் தேதி?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒரு மாத்திரைப் பெட்டியில் இருக்கும் சதுர பார்கோடை ஸ்கேன் செய்தால் நடுவில் 17270200 என்று வருகிறது. பெட்டியில் எக்ஸ்பைரி 02/2027 என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். பில்லிங் மென்பொருளோ 31-01-2027 என்று காட்டுகிறது. பிப்ரவரி மாதம் விற்கலாமா, கூடாதா?

பதில்: பெட்டியில் இருப்பதும் சரி, பார்கோடில் இருப்பதும் சரி. மென்பொருள்தான் தப்பாகப் படிக்கிறது. அந்த மாத்திரைக்கு 28-02-2027 வரை ஆயுள் உண்டு.

முதலில் வரும் 17 தேதியில் சேராது. அடுத்து வரப்போவது காலாவதித் தேதி என்று சொல்லும் அடையாள எண் அது. அதற்குப் பின் ஆறு இலக்கங்கள்: ஆண்டுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு. 27, 02, 00. நாள் இருக்க வேண்டிய இடத்தில் 00 இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் என்று கொள்ள வேண்டும். வணிக பார்கோடுகளுக்கு ஜிஎஸ்1 அமைப்பு வகுத்த விதி இது. லீப் ஆண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 280200 என்று வந்தால் அது 29-02-2028.

கடைசி நாளையே 28 என்று போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். நம் நாட்டு மருந்து விதிகளின்படி காலாவதியை மாதமும் ஆண்டுமாகத்தான் அச்சிடுகிறார்கள். அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்பதே அதன் பொருள். பார்கோடிலோ அந்த இடம் ஆறு இலக்கம் என்று நிலையாக வைத்தது, நாலோடு நிறுத்த முடியாது. அதனால் நாள் சொல்லாதவர்கள் இரண்டு பூஜ்யம் வைத்து நிரப்புகிறார்கள்.

சரி, உங்கள் மென்பொருளுக்கு ஜனவரி 31 எங்கிருந்து வந்தது? தேதி கணக்குப் போடும் நிரல்கள் பலவற்றில் ‘பூஜ்யம் தேதி’ என்றால் ஒன்றாம் தேதிக்கு முந்தைய நாள். பிப்ரவரி 1-க்கு முந்தைய நாள் ஜனவரி 31. எக்செலில் இதைத் தட்டிப் பாருங்கள், அப்படியே வரும்:

```
=DATE(2027,2,0)
```

எழுதியவர் 00-வைத் தனியாகக் கவனிக்காமல் நேரே தேதிக் கணக்கில் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. தேதி என்று பார்த்தால் அழகான, நம்பத்தக்க தேதி. அதனாலேயே மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில், இன்னும் ஒரு மாதம் விற்கக்கூடிய மெட்ஃபார்மின் பெட்டிகளைக் காலாவதி என்று கட்டி, திருப்பி அனுப்பும் மூலையில் அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைப்பையன் மேல் தப்பில்லை. அவன் திரையை நம்பினான்.

இதே பிழையை வைத்தே திருத்தவும் செய்யலாம். மாதத்தோடு ஒன்றைக் கூட்டி, நாளைப் பூஜ்யமாகவே விட்டால் போதும். மார்ச்சின் பூஜ்யம் தேதி என்றால் பிப்ரவரியின் கடைசி நாள்தானே! A2-இல் ஆறு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்:

```
=IF(RIGHT(A2,2)="00",
 DATE(2000+LEFT(A2,2),MID(A2,3,2)+1,0),
 DATE(2000+LEFT(A2,2),MID(A2,3,2),RIGHT(A2,2)))
```

டிசம்பருக்கு 12+1 என்று 13 ஆகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். எக்செல் அதை அடுத்த ஆண்டு ஜனவரியாக எடுத்துக்கொண்டு, பூஜ்யத்தால் டிசம்பர் 31-க்குத் திரும்பிவிடும். மென்பொருள்காரரிடம் பேசும்போது மூன்று எண்களைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 270200 கொடுத்தால் 28-02-2027, 280200 கொடுத்தால் 29-02-2028, 271200 கொடுத்தால் 31-12-2027 வர வேண்டும். கடைசி எண்ணுக்கு 30-11-2027 வந்தால் பழைய நோய் போகவில்லை. 01-12-2027 வந்தால் 00-வை 01 ஆக்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அதிலும் முப்பது நாள் நட்டம்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நமக்கு நாள், மாதம், ஆண்டு என்று எழுதித்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தில் 260827 என்பதைப் படித்தால் 26 ஆகஸ்ட் 2027. பார்கோடு சொல்வதோ 27 ஆகஸ்ட் 2026. ஒரு வருடம் தள்ளிப்போன மருந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கும். 00 வரும் எண்கள் இங்கே நமக்கு உதவி: மென்பொருள் தலைகீழாகப் படித்தால் 270200 என்பது 27-02-2000 ஆகிவிடும், உடனே பிடிபடும்.

எக்செலில் ஸ்கேன் செய்வதாக இருந்தால், அந்தக் கட்டத்தை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். முழுக்க எண்ணாக வரும் நீண்ட சரத்தில் 15 இலக்கத்துக்குப் பின் உள்ளதையெல்லாம் எக்செல் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் எந்த 00 உண்மையானது, எது எக்செல் போட்டது என்றே தெரியாது.

அப்புறம், சரத்தில் 17 எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கக் கூடாது. உதாரணத்துக்கு ஒன்றை எழுதுகிறேன், எண்கள் என் கற்பனை:

```
01089012345678901727020010KT417
```

இடமிருந்து வாருங்கள். 01 என்றால் அடுத்த 14 இலக்கம் பொருளின் எண். அது முடிந்ததும் 17, ஆறு இலக்கம். பிறகு 10, அதாவது பேட்ச் எண்: KT417. அந்த பேட்ச் எண்ணின் வாலிலும் ஒரு 17 இருப்பதைப் பாருங்கள். வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் ஏமாற மாட்டீர்கள். சில கம்பெனிகள் பேட்சை முன்னால் வைத்துத் தேதியைப் பின்னால் வைக்கும். பேட்சின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அது முடியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி இருக்கும். ஸ்கேனர் அதை விழுங்கிவிட்டால் பேட்சும் தேதியும் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனர் அமைப்பில் அந்தக் குறியை அனுப்பச் சொல்லி மாற்ற வேண்டும். அதேபோல 17-க்குப் பதில் 11 இருந்தால் அது தயாரித்த தேதி. 13 இலக்கக் கோட்டு பார்கோடில் தேதியே கிடையாது, அங்கே தேடிப் பயனில்லை.

விற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிப்ரவரி 28 என்பது அந்த மாத்திரையைச் சாப்பிடுவதற்கான கடைசி நாளும்கூட. தினம் ஒன்று வீதம் 30 மாத்திரையைப் பிப்ரவரி 10-ஆம் தேதி ஒருவர் வாங்கி அன்றே தொடங்கினால், 19 மாத்திரைதான் மாதத்துக்குள் முடியும். மீதி 11-ஐ மார்ச்சில் விழுங்குவார். அவருக்கு வேறு பேட்ச் கொடுங்கள். பெட்டியில் அச்சடித்த மாதமும் பார்கோடு சொல்லும் மாதமும் வேறு வேறாக இருந்தால், எதையும் நீங்களாகத் தீர்மானிக்காமல் அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மொத்த வியாபாரியிடம் கேளுங்கள்.

மென்பொருளைத் திருத்திய பிறகும் ஏற்கெனவே உள்ளே ஏறிய சரக்கின் தேதி தானாக மாறாது. திரையில் 31-01-2027 என்று இருப்பதில் சில நிஜமாகவே ஜனவரி 31 ஆக இருக்கலாம். தேதியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மாதக் கடைசித் தேதி உள்ள பேட்ச்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, அலமாரியில் பெட்டியைப் புரட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். கடை சின்னதென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.