“இந்தத் தொகை எப்படி வந்தது?” என்று ஸ்பான்சர் கேட்டால்: கேள்வி பதில்

சைக்கிள் பழுதுபார்க்கும் சேனல் நடத்துபவர்: எனக்கு 92,000 சப்ஸ்கிரைபர்கள். கருவிப்பெட்டி விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு என் கட்டணத்தைச் சொன்னேன். “இந்தத் தொகை எப்படி வந்தது?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. கடைசிப் பத்து வீடியோக்களின் சராசரி 34,000 பார்வை என்று எழுதட்டுமா அக்கா?

வேண்டாம். உங்கள் பட்டியலைப் பாருங்கள். ஒன்பது வீடியோக்கள் 11,000-க்கும் 18,000-க்கும் நடுவில் நிற்கின்றன. ஒன்று மட்டும் 2,10,000. அந்த ஒன்றுதான் சராசரியை 34,000-க்குத் தூக்கிவிட்டது. ஸ்பான்சர் உங்கள் சேனலைத் திறந்து ஒரு நிமிடம் உருட்டினாலே இது தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் தரும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார். நான் பல வருடம் ஸ்பான்சர் பக்கம் உட்கார்ந்து இந்த மடல்களைப் படித்தவள். முதலில் செய்வது இந்தச் சரிபார்ப்புதான். பத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், சுமார் 14,000. “வெளியான 30 நாளில்” என்று சேர்த்து எழுதுங்கள். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை மடலின் கடைசியில் வைத்தால் போதும்.

அடுத்து, அந்த 14,000 பேரில் விளம்பரப் பகுதியை எத்தனை பேர் பார்ப்பார்கள்? யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோ எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேரைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற வரைபடம் இருக்கிறது. உங்களுடையதில் மூன்றாம் நிமிடத்தில் 60 சதவீதம். அங்கே விளம்பரம் வைத்தால் 8,400. அந்த நிறுவனம் பொருள் அனுப்பும் நாட்டில் உங்கள் பார்வையாளர்கள் 70 சதவீதம் என்கிறீர்கள். ஆக, கேட்கவும் வாங்கவும் முடிந்தவர்கள் சுமார் 5,900 பேர். சின்ன எண்தான், ஆனால் ஸ்பான்சர் தானே போட்டுப் பார்த்தாலும் இதே எண்தான் வரும். அது பெரிய பலம்.

முன்பு விளம்பர நிறுவனம் ஒன்றில் இருந்தவர்: ஒரு சின்னத் திருத்தம். 60-ஐயும் 70-ஐயும் அப்படியே பெருக்க முடியாது. அந்த நாட்டுக்காரர்கள் மற்றவர்களைவிட நீண்ட நேரம் பார்ப்பவர்களாக இருக்கலாம், குறைவாகவும் பார்க்கலாம்.

சரியான திருத்தம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டுதான் பெருக்கினேன். மடலில் “சுமார்” என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

மொழிப்பாட சேனல் நடத்துபவர்: ஏன் இவ்வளவு சுற்று? ஸ்டூடியோவில் ஆர்பிஎம் காட்டுகிறதே, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று. அதை இரண்டு மடங்காக்கிச் சொன்னால் முடிந்தது.

ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு என்று யோசிப்பது சரிதான். ஸ்பான்சரும் அப்படித்தான் ஒப்பிடுவார். ஆனால் ஆர்பிஎம் என்பது யூடியூப் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் உங்கள் கைக்கு வருவது. விளம்பரமே ஓடாத பார்வைகளும் அதில் கலந்திருக்கின்றன. நீங்களே பேசி, பொருளைக் கையில் எடுத்துக் காட்டுவதன் மதிப்பை அது அளக்கவில்லை. அதை இரண்டால் பெருக்கினாலும், ஏன் இரண்டு, ஏன் ஐந்தில்லை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

சைக்கிள் சேனல்காரர்: சரி, 5,900 பேர். அதிலிருந்து கட்டணத்துக்கு எப்படிப் போவது?

ஸ்பான்சரின் பக்கத்திலிருந்து கணக்குப் போடுங்கள். முன்பு ஒரு கருவிக்கு நீங்கள் கொடுத்த இணைப்பை 14,000 பார்வைக்கு 280 பேர் அழுத்தினார்கள் என்றீர்கள். நூற்றுக்கு இரண்டு. இந்த எண்ணை முழுப் பார்வையிலிருந்து எடுத்ததால், முழுப் பார்வையோடு மட்டும் பெருக்குங்கள். 5,900-ஐ இதில் கலக்காதீர்கள். அழுத்தியவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது அவர்கள் கடையின் எண், கேளுங்கள். நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொண்டால் முதல் மாதத்தில் 14 விற்பனை.

இப்போது நீங்கள் கேட்கும் தொகை, ஒரு பெட்டியில் அவர்களுக்கு நிற்கும் லாபத்தைப் போல 30 மடங்கு என்று வைப்போம். 14 விற்றால் அவர்களுக்கு நஷ்டம். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் வீடியோ ஒரு மாதத்தில் செத்துப்போகிற வகை இல்லை. செயின் அறுந்தவர் எப்போது அறுந்ததோ அப்போது தேடி வருகிறார். ஒரு வருடம் முடிந்த உங்கள் பழைய வீடியோக்களின் நடு எண் 40,000. அதே நூற்றுக்கு இரண்டில் 800 பேர் அழுத்துவார்கள், 40 விற்பனை. இப்போது 30 மடங்கு நியாயமாகத் தெரிகிறது. மடலில் இப்படி எழுதலாம்:

“30 நாளில் சுமார் 14,000 பார்வை, ஒரு வருடத்தில் சுமார் 40,000. முன்பு கொடுத்த இணைப்பை நூற்றுக்கு இருவர் அழுத்தினார்கள். உங்கள் இணைப்பை ஒரு வருடம் எடுக்காமல் வீடியோ விளக்கத்தின் முதல் வரியில் வைத்திருப்பேன். மூன்றாம் நிமிடத்தில் 60 நொடி பேசுவேன். அதற்கான கட்டணம் இது.”

அந்த ஒரு வருட வாக்குறுதிதான் கணக்கைத் தாங்குகிறது, எழுதினால் காப்பாற்றுங்கள். இணைப்பின் வாலில் எண்ணுவதற்கு இதையும் சேருங்கள்:

```
?utm_source=youtube&utm_medium=video&utm_campaign=toolbox1
```

ஷார்ட்ஸ் மட்டும் போடுபவர்: என் ஷார்ட்ஸ் ஒன்றுக்கு 3 லட்சம் பார்வை. இவர் 14,000-க்கே 30 மடங்கு கேட்கிறாரே, நான் எத்தனை மடங்கு கேட்கலாம்?

அந்த 3 லட்சத்தை அவருடைய 14,000-த்தோடு சேர்த்து வைக்க முடியாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலே பார்வையாக எண்ணப்படுகிறது. விரலால் தள்ளிவிட்டவரும் அதில் இருக்கிறார். உண்மையில் நின்று பார்த்தவர்களை ஸ்டூடியோ தனியாகக் காட்டுகிறது, அதைச் சொல்லுங்கள். அப்புறம் உங்களிடம் இணைப்பை அழுத்திய எண் இருக்கிறதா? அது இல்லாமல் மடங்கு சொல்ல என்னால் முடியாது.

புதிதாகத் தொடங்கியவர்: என் பார்வையாளர்களின் மின்னஞ்சல் பட்டியலை ஸ்பான்சரிடம் கொடுத்தால் கட்டணம் கூடுமா?

நாம் பேசுவது கூட்டு எண்களைப் பற்றி: வயது, நாடு, பார்த்த நேரம். அவர்கள் அனுமதி இல்லாமல் ஒருவர் முகவரியைக் கூடக் கொடுக்கக் கூடாது.

சமூகப் பாட்காஸ்ட் நடத்துபவர்: விற்பனைக்கு ஏற்றபடி மட்டும் தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலை, கடைப்பக்கம், இருப்பு எதுவும் உங்கள் கையில் இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டு மறுவாரம் நேராகக் கடைக்குப் போய் வாங்குபவர் உங்கள் கணக்கில் ஏறவும் மாட்டார். குறைந்த நிலையான தொகையோடு விற்பனைப் பங்கும் கேளுங்கள்.

முன்பு விளம்பர நிறுவனம் ஒன்றில் இருந்தவர்: முதல் முறை என்றால் நான் ஒப்புக்கொள்ளச் சொல்வேன். அழுத்திய எண்ணே இல்லாதவருக்கு அந்த எண் கிடைக்க வேறு வழி என்ன?

ஒரு முறைக்கு, ஒரே வீடியோவுக்கு என்றால் உங்கள் வாதத்தை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு முறை வழக்கமாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சைக்கிள் சேனல்காரர்: என் பழைய விளம்பர வீடியோவின் வரைபடத்தைக் கேட்கிறார்கள். அதில் விளம்பரம் வரும் இடத்தில் ஒரு பள்ளம், பிறகு மறுபடி மேடு. காட்டலாமா?

பள்ளத்துக்குப் பின் கோடு ஏறினால், அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்தவர்கள் மறுபுறம் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். கோடு ஏறாமலே போனால் அவர்கள் வீடியோவைவிட்டே போய்விட்டார்கள், அது இன்னும் மோசம். மறைக்காமல் காட்டுங்கள். பள்ளத்தின் அடியில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, 60 சதவீதத்துக்குப் பதில் அந்த எண்ணைக் கணக்கில் வையுங்கள். 40 என்றால் 5,600 பேர், அதில் 70 சதவீதம் சுமார் 3,900. அழுத்திய எண் அந்தப் பள்ளத்தையும் தாண்டி வந்ததுதான், அதனால் 280 மாறாது. படமாக அனுப்பாமல் திரையைப் பகிர்ந்து, தேதி தெரியும்படி காட்டுங்கள். அடுத்த வீடியோவில் அந்தப் பெட்டியின் சாவியாலேயே ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டே பேசிப் பாருங்கள், பள்ளம் எவ்வளவு குறைகிறது என்று வந்து சொல்லுங்கள்.