லாக்ஃபிரேமில் விளைவுக் குறியீடு எழுதுவது எப்படி?

கேள்வி: “திட்ட மதிப்பீட்டுக்கு நான் புதிது. லாக்ஃபிரேம் என்றால் என்ன? அதில் அவுட்கம் இண்டிகேட்டரை எப்படி எழுதுவது?”

வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு காலி அட்டவணையைக் கொடுத்து, “திங்கட்கிழமைக்குள் நிரப்பிக் கொடுங்கள்” என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அந்த அட்டவணைதான் லாக்ஃபிரேம், ஒரு திட்டத்தை ஒரே பக்கத்தில் காட்டுவது. எளிதுதான். நான்கு வரிசைகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: நாம் செய்யும் வேலைகள், அவற்றால் கையில் கிடைக்கும் வெளியீடு, அதனால் மக்களிடம் வரும் மாற்றமாகிய விளைவு, அதாவது நீங்கள் கேட்ட அவுட்கம், கடைசியில் பெரிய இலக்கு. ஒவ்வொரு வரிசையிலும் நான்கு கட்டங்கள். என்ன நடக்க வேண்டும், எந்தக் குறியீட்டால் அளப்போம், அந்தத் தகவல் எங்கிருந்து வரும், நம் கையில் இல்லாத எது சரியாக அமைய வேண்டும். 1969-ல் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் அமைப்புக்காக உருவாக்கிய வடிவம் இது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

வெளியீட்டையும் விளைவையும் குழப்பிக்கொள்வதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

நான் வேலை பார்த்த திட்டம் பள்ளிகளில் கை கழுவும் தொட்டி கட்டுவது. 60 பள்ளி, 60 தொட்டி. அத்தனையும் கட்டி முடித்தோம், அறிக்கையில் நூறு விழுக்காடு சாதனை என்று போட்டோம். தொட்டி வெளியீடு. பிள்ளைகள் கை கழுவினால்தான் அது விளைவு. அதற்கு நான் எழுதிய குறியீடு, “கை கழுவும் பழக்கம் மேம்படும்”. இது குறியீடே இல்லை, ஆசை. மேலதிகாரி திருத்தச் சொன்னார். “கழிப்பறை போய்வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவதாகச் சொல்லும் மாணவர்களின் விழுக்காடு” என்று மாற்றினேன். எண் வந்துவிட்டதே, போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. திட்டம் தொடங்கும் முன் எடுத்த கணக்கெடுப்பிலேயே பத்தில் ஒன்பது பிள்ளைகள் “கழுவுவேன்” என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பிள்ளைதான் வெளியாள் கேட்கும்போது “கழுவ மாட்டேன்” என்று சொல்லும்? இரண்டு வருடம் கழித்தும் அதே பதில். மதிப்பீடு செய்ய வந்தவர் “மாற்றம் எதுவும் இல்லை” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அளவுகோல் என்னுடையது.

கோபத்தில் ஒரு பள்ளிக்குத் தனியாகப் போனேன். இடைவேளையில் தொட்டி கண்ணில் படும் இடத்தில் ஏதோ பதிவேட்டைப் புரட்டுவதுபோல் உட்கார்ந்தேன். 34 பேர் கழிப்பறையிலிருந்து வந்தார்கள். தண்ணீரில் கையை நனைத்தவர்கள் 19 பேர். சோப்பு போட்டவர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் அங்கே சோப்பே இல்லை. கேட்டால், “வெளியே வைத்தால் காணாமல் போகிறது” என்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். (மாதிரிப் பட்டியலில் இல்லாத பள்ளி என்று சொல்லி அந்த நாளின் பயணப்படியை மறுத்துவிட்டார்கள். அது இன்னும் வரவில்லை. சரி, அது வேறு கதை.)

இப்போது நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “தேர்ந்தெடுத்த பள்ளிகளில், இடைவேளையில் கழிப்பறையிலிருந்து வெளியே வரும் மாணவர்களில், உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுபவர்களின் விழுக்காடு.” யாரை எதால் வகுக்கிறோம் என்பது இதில் தெளிவு. அந்த 34 பேரில் 0. திட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் இதே முறையில், வருடத்தின் அதே பருவத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். மாணவர், மாணவியர் கணக்கைத் தனித்தனியாக எடுங்கள்.

“ஆள் பார்த்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கழுவுவார்களே” என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவீர்கள். உண்மைதான், அதனால் எண் கொஞ்சம் ஏறித்தான் வரும். ஆனால் வாயால் சொல்வதைவிட அது நிஜத்துக்கு நெருக்கம். நேரில் எண்ண ஆளோ பணமோ இல்லையென்றால், முன்னறிவிப்பு இல்லாமல் போய்த் தொட்டியருகே சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழக்கத்தை அது காட்டாது, ஆனால் கழுவ வழி இருக்கிறதா என்று காட்டும்.

அப்புறம் அந்த நான்காவது கட்டம், அனுமானம். நான் அதில் “பள்ளிகளின் ஒத்துழைப்பு கிடைக்கும்” என்று எழுதியிருந்தேன். எந்தத் திட்டத்துக்கும் ஒட்டக்கூடிய வாக்கியம், அதனால் எதற்கும் உதவாத வாக்கியம். எழுதியிருக்க வேண்டியது: “சோப்பு தீர்ந்ததும் பள்ளி தன் செலவில் வாங்கி, தொட்டியருகே வைக்கும்.” இப்படி எழுதியிருந்தால் அன்றே யாராவது “எந்தக் காசில்?” என்று கேட்டிருப்பார்கள். நடக்காது என்று தெரிந்த அனுமானத்தை அந்தக் கட்டத்தில் விட்டுவைக்கக் கூடாது. அதைக் கீழ் வரிசைக்கு இறக்கி, நம் வேலையாகவே ஆக்கிவிட வேண்டும். சோப்புக்குப் பணம் ஒதுக்குவது, திருடு போகாதபடி வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டுவது என்று. பிறகு நாங்கள் அப்படித்தான் கட்டினோம். சோப்பை வலைப்பையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனது இரண்டே பள்ளிகளில்தான்.